உரிமையாளர் நீங்களா, கம்பெனியா? புரொப்ரைட்டர்ஷிப்பும் ஒருநபர் கம்பெனியும்

ஈரோட்டில் மஞ்சள்தூளும் சாம்பார்ப் பொடியும் அரைத்து விற்கும் ஒரு தோழிக்கு நான்தான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு நாள் கையில் ஒரு ஒப்பந்தத்தோடு வந்தார். பெரிய பல்பொருள் அங்காடி ஒன்று அவர் சரக்கை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. "கம்பெனியா இருந்தா நல்லதுன்னு சொல்றாங்க அண்ணா. ஆள் நான் ஒருத்திதானே? ஒருத்தர் மட்டும் இருந்தாலே கம்பெனி ஆக்கலாமாமே, இப்பவே பண்ணிடலாமா?" என்று கேட்டார்.

இதே கேள்வியோடு மாதம் இரண்டு பேராவது வருகிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் வரியில்தான் ஆரம்பிப்பார்கள். நான் வேறு இடத்தில் ஆரம்பிப்பேன்: குடோனில் கிடக்கும் மூட்டை யாருடையது? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் வரி, கடன், வாரிசு எல்லாவற்றுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து விஷயங்களைப் பார்த்தால் போதும். சொத்து யார் பெயரில் நிற்கிறது. தொழிலில் பட்ட கடன் வீடு வரைக்கும் வருமா. லாபத்தை எப்படிக் கையில் எடுப்பது, அதற்கு என்ன வரி. உங்களுக்கு ஏதாவது ஆனால் தொழில் யாரிடம் போகும். வருடாவருடம் ஆகும் செலவும் மூடும்போது ஆகும் செலவும் எவ்வளவு. "கம்பெனின்னா ஒரு மரியாதை" என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது உண்மைதான், ஆனால் அதற்கு நீங்கள் என்ன விலை கொடுப்பீர்கள் என்பது உங்கள் மனசுக்குத்தான் தெரியும்.

## மூட்டை யாருடையது

புரொப்ரைட்டர்ஷிப் என்பது தனி அமைப்பே இல்லை. போர்டில் என்ன பெயர் போட்டாலும் சட்டத்தின் கண்ணில் அந்தக் கடையும் நீங்களும் ஒன்றுதான். கடைக்கென்று தனி பான் எண் கிடையாது, உங்களுடையதுதான். மூட்டை உங்களுடையது, அரவை இயந்திரம் உங்களுடையது, கடனும் உங்களுடையது. ஒரே ஆள் நான்கு பெயரில் நான்கு கடை வைத்திருந்தாலும் எல்லாம் ஒரே வருமான வரிக் கணக்கில்தான் வந்து விழும்.

ஒருநபர் கம்பெனியை நம் ஊரில் ஓபிசி என்பார்கள். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம்தான் இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் பிரைவேட் லிமிடெட் வேண்டுமென்றால் இரண்டு பேர் வேண்டும். அதனால் மனைவி பெயரிலோ அம்மா பெயரிலோ பேருக்கு ஒரு பங்கு எழுதுவார்கள். ஓபிசியில் அந்த வேலை இல்லை, பங்குதாரர் ஒருவரே. ஆனால் கம்பெனி பதிவான நிமிடத்திலிருந்து அது வேறு ஆள். அதற்குத் தனி பான், தனி வங்கிக் கணக்கு, தனிச் சொத்து, தனிக் கடன். நூறு சதவீதப் பங்கும் உங்களுடையது, அதனால் கம்பெனி உங்களுடையது. ஆனால் கம்பெனியின் மூட்டை உங்களுடையது இல்லை.

இது வெறும் வார்த்தை விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் வழக்கு ஒன்று உண்டு. வட அயர்லாந்தில் மெக்கோரா என்றொரு நிலக்கிழார் தன் தோட்டத்து மரங்களை ஒரு கம்பெனிக்கு விற்று, அதற்கு ஈடாகப் பங்குகளை வாங்கிக்கொண்டார். பங்கு முழுவதும் அவர் கையில்தான். மரத்துக்குத் தீ இன்சூரன்ஸ் எடுத்தார், ஆனால் பாலிசியைத் தன் சொந்தப் பெயரில் எடுத்துவிட்டார். மரம் எரிந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தது. 1925-இல் பிரிட்டனின் உச்ச மன்றமான பிரபுக்கள் சபை அதை ஒத்துக்கொண்டது. எரிந்தது கம்பெனியின் மரம், உமக்கு அதில் காப்பீடு எடுக்கும் அளவுக்கு உரிமை இல்லை என்றுவிட்டார்கள். நம் உச்ச நீதிமன்றமும் 1954-இல் பாச்சா குஸ்தார் வழக்கில் இதே தத்துவத்தைச் சொன்னது: பங்குதாரருக்குக் கம்பெனியின் லாபத்தில் பங்கு உண்டு, கம்பெனியின் சொத்தில் நேரடி உரிமை கிடையாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஓபிசியில் மூன்று பெயர்கள் அடிபடும்: உறுப்பினர், இயக்குநர், நாமினி. உறுப்பினர்தான் உரிமையாளர். இயக்குநர் என்பவர் நடத்துகிறவர். நீங்களே இயக்குநராக இருக்கலாம், கணவரையோ அண்ணனையோ கூடச் சேர்க்கலாம், அதனால் அவர்களுக்கு ஒரு ரூபாய் உரிமைகூட வராது. நாமினி, நீங்கள் இருக்கும் வரை யாருமே இல்லை. "நாமினி போட்டா பாதி எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடுமா?" என்று பயந்து கேட்டவர்கள் உண்டு. ஆகாது.

யார் உறுப்பினராகலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், வயது வந்தவராக இருக்க வேண்டும், ஒருவர் ஒரே ஒரு ஓபிசிதான் வைத்திருக்கலாம். 2021 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சிங்கப்பூரிலோ துபாயிலோ வசிக்கும் இந்தியக் குடிமக்களும் தொடங்கலாம். ஆனால் அந்த ஆண்டில் 182 நாளாவது இந்தியாவில் இருக்கும் இயக்குநர் ஒருவர் கட்டாயம் வேண்டும்.

## கடன் வீட்டு வாசலுக்கு வருமா

புரொப்ரைட்டர்ஷிப்பில் பதில் ஒரே வரி: வரும். மிளகாய் வாங்கிய பாக்கிக்காக மண்டிக்காரர் வழக்குப் போட்டு ஜெயித்தால் உங்கள் வீடு, நகை, சேமிப்பு எதன் மீதும் நீதிமன்றம் கை வைக்கலாம்.

ஓபிசியில் பொறுப்பு உங்கள் பங்குத் தொகையோடு நின்றுவிடும் என்று விளம்பரங்களில் படித்திருப்பீர்கள். சட்டப்படி அது சரி. ஆனால் அந்தச் சுவரில் எங்கெங்கே வாசல் இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

முதல் வாசல் வங்கி. சிறு கம்பெனிக்குக் கடன் தரும் வங்கி, இயக்குநரிடம் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்து வாங்காமல் விடாது. கையெழுத்துப் போட்ட பிறகு அந்தக் கடனுக்கு உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவே சுவரே இல்லை. இரண்டாவது வரி. பிரைவேட் கம்பெனியிடமிருந்து ஜிஎஸ்டி பாக்கியோ வருமான வரியோ வசூலாகவில்லை என்றால் இயக்குநரிடம் கேட்கலாம். என் தரப்பில் பெரிய அலட்சியமோ முறைகேடோ இல்லை என்று நிரூபிக்க வேண்டியது இயக்குநரின் வேலை. மூன்றாவது காசோலை. கம்பெனி காசோலை திரும்பி வந்தால் கையெழுத்துப் போட்டவர்மீதும் குற்ற வழக்கு வரும்.

அப்படியென்றால் சுவர் எதற்கு? சரக்குக் கடன் தந்தவர்கள், வாடகைப் பாக்கி, ஒப்பந்தத்தை மீறினாய் என்று வரும் நஷ்டஈடு, சரக்கில் குறை என்று வரும் வழக்கு: இவற்றுக்கு அது உண்மையாகவே நிற்கும். உங்கள் பயம் வங்கிக் கடனைப் பற்றி மட்டும்தான் என்றால் ஓபிசி உங்களை அதிகம் காப்பாற்றாது. வாடிக்கையாளரிடமிருந்தோ ஒப்பந்தக்காரரிடமிருந்தோ பெரிய கோரிக்கை வரக்கூடிய தொழில் என்றால் காப்பாற்றும்.

என் தோழியின் ஒப்பந்தத்தில் பதினோராவது பத்தியை இரண்டு முறை படித்தேன். சரக்கில் கலப்படமோ கெடுதலோ இருந்து அங்காடிக்கு நஷ்டம் வந்தால், அபராதம், வழக்குச் செலவு உட்பட முழுத் தொகையையும் சப்ளையர் கட்ட வேண்டும் என்று இருந்தது. உச்சவரம்பு போடவில்லை. கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் 'புரொப்ரைட்டர்' என்று அவர் பெயர் அச்சாகியிருந்தது. அவர் பெயரில் இருப்பது ஒரே ஒரு வீடு, அவர் அம்மா கொடுத்தது.

## கல்லாவில் கை வைக்கலாமா

கடை உங்களுடையது என்றால் கல்லாவும் உங்களுடையது. பையன் ஸ்கூல் ஃபீஸுக்கு இருபதாயிரம் எடுத்தால் கணக்கில் 'டிராயிங்ஸ்' என்று ஒரு வரி எழுதுவேன், முடிந்தது. எடுத்த பணத்துக்குத் தனி வரி கிடையாது. வரி மொத்த லாபத்துக்குத்தான்.

ஓபிசியில் அதே இருபதாயிரம் வேறு ஆளுடைய பணம். அதை எடுக்க முறையான வழிகள் சில உண்டு: இயக்குநர் சம்பளம், டிவிடெண்ட், முன்பு நீங்கள் கம்பெனிக்குக் கொடுத்த கடனைத் திரும்ப வாங்குவது, கட்டடம் உங்களுடையது என்றால் வாடகை. இதில் எதிலும் சேராமல் எடுத்தால் கணக்கில் 'இயக்குநர் கணக்கு, பற்று' என்று நிற்கும். மார்ச் கடைசியில் அந்தப் பற்று மூன்று லட்சம், நான்கு லட்சம் என்று ஊதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கம்பெனியில் சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவு வரை வருமான வரித்துறை அதை டிவிடெண்டாகவே எடுத்துக்கொள்ளும். கம்பெனி ஏற்கெனவே வரி கட்டிய பணத்துக்கு நீங்கள் உங்கள் விகிதத்தில் இன்னொரு முறை கட்டுவீர்கள். கல்லாவில் கை வைத்துப் பழகியவர்களுக்கு ஓபிசியில் முதல் வருடம் வலிப்பது இந்த இடத்தில்தான்.

எதிர்ப்பக்கமும் அப்படியே. உங்கள் சேமிப்பிலிருந்து கம்பெனிக்குப் பணம் போட்டால் அது இயக்குநர் தந்த கடன். இது நான் வேறிடத்தில் கடன் வாங்கிக் கொடுத்த பணம் அல்ல என்று எழுதிக் கொடுக்க வேண்டும், ஜூன் 30-க்குள் DPT-3 படிவத்திலும் காட்ட வேண்டும். உங்கள் இடத்தைக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டால், இருபக்கமும் கையெழுத்து நீங்களே போட்டாலும், ஒப்பந்தத்தை எழுத்தில் வைப்பதுதான் முறை.

## வரி: இரண்டு கணக்கு

2025-26 நிதியாண்டின் விகிதப்படி பார்க்கலாம். தோழியின் விற்பனை 60 லட்சம், லாபம் 9 லட்சம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் புரொப்ரைட்டராக அவர் கட்டும் வரி பூஜ்யம். விற்பனை 2 கோடிக்குள் இருப்பதால், விற்பனையில் குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாக வைத்துக்கொள்ளும் உத்தேச வரி முறையில் கணக்குக் காட்டலாம், முழுப் புத்தகமும் ஆடிட்டும் தேவையில்லை. ரொக்கம் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் அந்த வரம்பு 3 கோடி. இந்தச் சலுகை எந்தக் கம்பெனிக்கும் கிடையாது.

ஓபிசியாக இருந்தால்? 9 லட்சத்தையும் சம்பளமாக எடுத்தால் கம்பெனியில் லாபம் இல்லை, அவருக்கும் வரி இல்லை. ஆக வரியில் ஒரு பைசா மிச்சமும் இல்லை, கூடுதலும் இல்லை. ஆடிட் செலவு மட்டும் புதிதாக வரும். மூன்று லட்சத்தைக் கம்பெனியிலேயே விட்டுவைத்தால் அதற்கு முதல் ரூபாயிலிருந்தே வரி. கம்பெனிக்குப் பூஜ்ய வரம்பு என்று எதுவும் இல்லை. குறைந்த விகிதத்தைத் தேர்ந்தெடுத்தாலும் சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 25.168 சதவீதம், அதாவது சுமார் 75,500 ரூபாய்.

லாபம் 40 லட்சமாக ஆகட்டும். புரொப்ரைட்டர் செஸ்ஸோடு கட்டுவது 8,11,200 ரூபாய். ஓபிசியில் 24 லட்சம் சம்பளமாக எடுத்தால் அதற்கு 2,92,500, மீதி 16 லட்சத்துக்குக் கம்பெனி கட்டுவது 4,02,688, மொத்தம் 6,95,188. ஒரு லட்சத்துக்கும் மேல் மிச்சம். ஆனால் இந்த மிச்சம், மீதிப் பணம் கம்பெனிக்குள்ளேயே சரக்காகவும் இயந்திரமாகவும் சுற்றிக்கொண்டிருக்கும் வரைதான். கம்பெனி வரி போக நிற்கும் சுமார் பன்னிரண்டு லட்சத்தை டிவிடெண்டாக வெளியே எடுத்தால் இன்னும் சுமார் 3.7 லட்சம் போகும், அப்போது புரொப்ரைட்டரைவிட அதிகமாகக் கட்டியிருப்பீர்கள்.

அதனால் வரிக்காக ஓபிசி போகலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வருட லாபத்தில் எவ்வளவு வீட்டுக்கு எடுத்துப் போகிறீர்கள்? முழுக்க என்றால் போக வேண்டாம்.

## நீங்கள் இல்லாமல் போனால்

புரொப்ரைட்டர் இறந்தால் தொழில் சட்டப்படி அன்றே முடிந்தது. சரக்கும் பாக்கியும் வாரிசுகளுக்குப் போகும். ஆனால் கணக்கு அவர் பெயரில் இருந்ததால் வங்கியில் முடங்கும். வாரிசு தன் பான் எண்ணில் புதிய ஜிஎஸ்டி எடுத்து, பழைய பதிவில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரியை ITC-02 படிவம் மூலம் மாற்றிக்கொள்ள வேண்டும். உணவு உரிமம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் ஏறி இறங்கிய குடும்பங்களுக்கு அந்த மாதங்கள் எப்படிப் போகும் என்று தெரியும்.

ஓபிசி அப்படியே இருக்கும். அதற்காகத்தான் பதிவு செய்யும்போதே நாமினி ஒருவரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி INC-3 படிவத்தில் வைக்கிறார்கள். உறுப்பினர் இறந்தாலோ ஒப்பந்தம் செய்யும் நிலையை இழந்தாலோ நாமினி உறுப்பினராகிவிடுவார். கம்பெனியின் பான், ஜிஎஸ்டி எதுவும் மாறாது. நாமினியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அவரும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அப்போது 15 நாளுக்குள் வேறொருவரை நியமிக்க வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், நாமினி ஒருவர், வாரிசுகள் நான்கு பேர் என்றிருக்கும் வீடுகளில். சாதாரணக் கம்பெனிப் பங்குகளுக்குப் போடும் நாமினேஷன், வாரிசுரிமையைத் தாண்டிப் போகாது என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சக்தி யெஸ்தானி வழக்கில் சொல்லிவிட்டது. ஓபிசி நாமினி வேறொரு பிரிவின்கீழ் வருகிறவர்தான். ஆனாலும் அண்ணன் தம்பி வழக்குப் போடுவதை அது தடுக்காது. தம்பியை நாமினி ஆக்கிவிட்டு உயிலில் பங்குகளை மனைவிக்கு எழுதினால் நீங்களே சண்டைக்கு விதை போட்ட மாதிரி. உயிலும் நாமினியும் ஒரே ஆளைக் காட்ட வேண்டும், கல்யாணம், விவாகரத்து, பிறப்பு, இறப்பு ஒவ்வொன்றுக்குப் பிறகும் இரண்டையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

## வருடச் செலவும் மூடும் செலவும்

புரொப்ரைட்டர்ஷிப்பைத் தொடங்க உத்யம் பதிவு இலவசம், தேவைப்பட்டால் ஜிஎஸ்டி, தொழிலுக்கேற்ற உரிமம், ஒரு கரண்ட் அக்கவுண்ட். மூடுவதும் அதேபோல்: ஜிஎஸ்டியை ரத்து செய்து, பாக்கியை அடைத்து, கணக்கை மூடினால் சரி.

ஓபிசியைப் பதிவு செய்வது எளிது, மூலதனம் 15 லட்சத்துக்குள் என்றால் அரசுப் பதிவுக் கட்டணமே இல்லை. அதனால்தான் ஆன்லைனில் சில ஆயிரத்துக்குப் பேக்கேஜ் போட்டு விற்கிறார்கள். பிறகு வருவதுதான் செலவு. பங்குப் பணத்தைக் கம்பெனி கணக்கில் போட்டு 180 நாளுக்குள் INC-20A தாக்கல் செய்யாமல் வியாபாரமே தொடங்கக் கூடாது. விற்பனை ஒரு ரூபாய் இல்லாவிட்டாலும் ஆடிட் கட்டாயம். செப்டம்பர் 27-க்குள் நிதிநிலை அறிக்கைக்கான AOC-4, பிறகு நவம்பரில் ஆண்டு விவர அறிக்கைக்கான MGT-7A. பொதுக்குழுக் கூட்டம் தேவையில்லை, இயக்குநர் ஒருவரே என்றால் போர்டு கூட்டமும் தேவையில்லை. முடிவை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும். இந்த வகையில் பிரைவேட் லிமிடெட்டைவிடச் சுமை குறைவு. தோழிக்கு நான் போட்ட மதிப்பீடு ஆடிட்டும் தாக்கலும் சேர்த்து வருடம் 40,000 ரூபாய்.

மறந்தால்தான் அடி. AOC-4, MGT-7A இரண்டு படிவங்களுக்கும் தாமதக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. இரண்டையும் ஒரு வருடம் மறந்தால் 73,000. யோசனை நன்றாக இருக்கிறதே என்று கம்பெனி பதிவு செய்து, பிறகு வேலைக்குப் போய்விட்ட இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தபோது, ஒரு பில்கூடப் போடாத கம்பெனிக்கு லட்சத்தைத் தாண்டிக் கட்ட வேண்டியிருந்தது. தொடர்ந்து மூன்று ஆண்டு தாக்கல் செய்யாவிட்டால் வேறு கம்பெனியிலும் ஐந்து ஆண்டுக்கு இயக்குநராக முடியாமல் போகும். இழுத்து மூட STK-2 விண்ணப்பக் கட்டணமே 10,000, அதற்கு முன் பழைய தாக்கல் பாக்கிகளைத் தீர்த்திருக்க வேண்டும்.

இணையத்தில் இன்னும் பல பக்கங்கள் 'விற்பனை 2 கோடியைத் தாண்டினால் ஓபிசியைக் கட்டாயம் மாற்ற வேண்டும்' என்று எழுதிக்கொண்டிருக்கின்றன. அந்த விதி 2021 ஏப்ரலோடு போய்விட்டது. எவ்வளவு வளர்ந்தாலும் ஓபிசியாகவே இருக்கலாம், கூட்டாளி வந்தால் எப்போது வேண்டுமானாலும் பிரைவேட் லிமிடெட்டாக மாற்றிக்கொள்ளலாம்.

| பார்க்க வேண்டியது | புரொப்ரைட்டர்ஷிப் | ஒருநபர் கம்பெனி |
|---|---|---|
| சொத்தின் உரிமை | நேரடியாக உங்களுடையது | கம்பெனியுடையது. உங்களிடம் பங்கு |
| வியாபாரக் கடன் | வீடு வரை வரும் | கம்பெனியோடு நிற்கும். ஜாமீன், வரி, காசோலை விலக்கு |
| பணம் எடுப்பது | கல்லாவிலிருந்து நேரே | சம்பளம், டிவிடெண்ட் போன்ற வழிகளில் மட்டும் |
| ஆடிட் | உத்தேச முறையில் தேவையில்லை | எப்போதும் கட்டாயம் |
| இறந்த பின் | தொழில் முடியும், சொத்து வாரிசுக்கு | கம்பெனி தொடரும், நாமினி உறுப்பினர் |
| மூடுவது | சில நாள் வேலை | கட்டணமும் மாதங்களும் |

## யாருக்கு எது

டியூஷன், தையல், மளிகை, சில்லறை விற்பனை, ஃப்ரீலான்ஸ் வேலை, கமிஷன் வியாபாரம்: லாபம் முழுவதும் குடும்பச் செலவுக்கே போகிறது, யாரும் பெரிய நஷ்டஈடு கேட்கப் போவதில்லை என்றால் புரொப்ரைட்டர்ஷிப் போதும். தொழில் ஓடுமா என்றே தெரியாத முதல் வருடத்திலும் அதுதான் நல்லது. சோதனைக்கு ஓபிசி பதிவு செய்வது விலை அதிகமான சோதனை.

உச்சவரம்பு இல்லாத நஷ்டஈட்டு ஒப்பந்தம், மற்றவர் உடம்பில் படும் சரக்கு, மற்றவர் இடத்தில் போய்ச் செய்யும் கட்டுமான வேலை, லாபத்தைத் தொழிலிலேயே திருப்பிப் போடும் பழக்கம், இரண்டு மூன்று ஆண்டில் முதலீட்டாளர் வரலாம் என்ற நிலை: இவற்றில் ஏதாவது இருந்தால் ஓபிசியின் செலவு நியாயமானது. கூட்டாளி இப்போதே தயார் என்றால் இரண்டும் வேண்டாம், நேராக எல்எல்பியோ பிரைவேட் லிமிடெட்டோ பாருங்கள்.

## மாறும்போது

புரொப்ரைட்டர்ஷிப்பை ஓபிசியாக 'மாற்றுவது' என்று பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் நடப்பது ஒரு விற்பனை: நீங்கள் என்ற ஆள், கம்பெனி என்ற ஆளுக்குத் தொழிலைக் கைமாற்றுகிறீர்கள். மூலதன ஆதாய வரி வராமல் இருக்க, தொழிலின் எல்லாச் சொத்தும் எல்லாக் கடனும் ஒன்றாகப் போக வேண்டும், அதற்கு ஈடாக நீங்கள் வாங்குவது பங்காக மட்டுமே இருக்க வேண்டும், ஐந்து ஆண்டுக்குக் குறைந்தது பாதி வாக்குரிமை உங்களிடம் இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாதியைப் பங்காகவும் மீதியை 'இயக்குநர் தந்த கடன்' என்றும் எழுதிவிட்டால் அது பங்கு மட்டும் இல்லை, சலுகை போய்விடும்.

இன்னொன்று: பழைய பொறுப்பு உங்களை விட்டுப் போகாது. புரொப்ரைட்டராக நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், அடுத்த மாதம் கம்பெனி ஆரம்பித்தாலும் எதிராளி சம்மதிக்காமல் உங்கள் இடத்தில் கம்பெனி வந்து உட்கார முடியாது.

அதனால் தோழியிடம் சொன்னேன்: "முதல்ல கம்பெனி, அப்புறம்தான் கையெழுத்து." அவர் லாபத்துக்கு வரியில் மிச்சம் இல்லை என்பதையும், வருடம் 40,000 கூடுதலாகப் போகும் என்பதையும் எழுதியே கொடுத்தேன். அந்தப் பதினோராவது பத்தி இல்லையென்றால் நானே வேண்டாம் என்றிருப்பேன். அங்காடியில் மூன்று வாரம் அவகாசம் கேட்டார், கொடுத்தார்கள். கம்பெனி பதிவானது, மகளுக்குப் பதினாறு வயதுதான் என்பதால் நாமினியாக அக்காவைப் போட்டார், உயிலும் அதற்கேற்ப எழுதினார். புதிய ஜிஎஸ்டி, புதிய உணவு உரிமம், புதிய கரண்ட் அக்கவுண்ட், லேபிளில் புதிய பெயர் என்று ஒவ்வொன்றாக முடித்தார். பிராண்டின் டிரேட்மார்க் அவர் சொந்தப் பெயரில் இருந்தது, அதையும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார்.

எல்லாம் முடிந்தது என்று ஃபைலைக் கட்டும்போது குடோன் தீ இன்சூரன்ஸ் பாலிசியைக் கேட்டேன். போனில் படம் அனுப்பினார். காப்பீடு பெறுபவர் என்ற இடத்தில் இன்னும் அவருடைய சொந்தப் பெயர். மெக்கோரா கதையை அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. அன்று வெள்ளிக்கிழமை, மணி மூன்று, குடோனில் நாற்பது மூட்டை மிளகாய். நாலு மணிக்குள் ஏஜென்ட்டைப் பிடித்து, பாலிசியில் கம்பெனி பெயரை ஏற்ற எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னேன்.